இரு வினாத்தாள், ஒரே அளவுகோல்

வெவ்வேறு வினாத்தாள் எழுதிய இருவரை ஒப்பிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க விழைகிறேன். 'அ' தாளின் சராசரி 52, திட்ட விலக்கம் 12. அதில் ஒரு மாணவர் பெற்றது 64. 'ஆ' தாளின் சராசரி 44, திட்ட விலக்கம் 8. அதில் ஒரு மாணவி பெற்றது 56. இருவரும் சராசரியைவிட 12 மதிப்பெண்ணே கூடுதலாகப் பெற்றனர். அந்த 12-ஐத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பதே இசட் மதிப்பு: மாணவருக்கு 1, மாணவிக்கு 1.5. ஆகவே மாணவியே முந்துகிறார்.

ஆனால் இம்முடிவு, இரு குழுவினரும் திறமையில் சமமானால்தான் செல்லும். பலர் எழுதும் தேர்வில் சீட்டுக் குலுக்கித் தாள் வழங்கியிருந்தால் அவ்வாறு கொள்ளலாம். வகுப்புவாரியாக வழங்கியிருந்தால், இரு வகுப்பினரும் முன்பு எழுதிய பொதுவான தேர்வின் சராசரிகளைப் பார்க்க வேண்டும். அவை பெரிதும் வேறுபட்டால், இசட் மதிப்பு சிறந்த வகுப்பினருக்கு அநீதி இழைத்துவிடும்.