அடகு வைக்கும் தங்கமா, பூட்டி வைக்கும் தங்கமா?

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி நகைக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். ஆனி, ஆடி வந்தால் இதே குடும்பங்களில் பல, கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்கும். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று, உழவுக்கும் விதைக்கும் நடவு ஆளுக்கும் கையில் காசு வேண்டும். தையில் வாங்கிய சங்கிலி ஆடியில் அடகுக்குப் போகும். அடுத்த அறுவடையில் மீண்டு வரும்.

டெல்டாவில் தங்கம் என்பது பாதி சேமிப்பு, பாதி சாகுபடி முதலீடு. அதனால் நகையா, காசா, தங்க ஃபண்டா என்ற கேள்விக்கு நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குபவருக்குச் சொல்லும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது. எதில் செலவு குறைவு என்பதோடு, அவசரத்துக்கு எதன் மேல் கடன் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு பவுன் சங்கிலியின் கணக்கு

ஒரத்தநாடு பக்கம் மூன்று ஏக்கர் சம்பா போட்ட ஒரு குடும்பம், இரண்டு பவுனில், அதாவது 16 கிராமில், சங்கிலி எடுக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். தங்கம் விலை தினமும் மாறுவதால், கணக்குக்கு எளிதாக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளலாம். அன்றைய விலையைப் போட்டு வாசகர்கள் மாற்றிக்கொள்ளலாம், விகிதம் மாறாது.

தங்கத்தின் மதிப்பு 1,60,000 ரூபாய். சேதாரம் 12 சதவிகிதம் என்றால் 19,200 ரூபாய். இரண்டும் சேர்ந்த தொகைக்கு 3 சதவிகித ஜிஎஸ்டி, ஹால்மார்க் முத்திரைக்கான சிறு கட்டணம் எல்லாம் சேர்த்து பில் சுமார் 1,84,600 ரூபாய்க்கு வரும். செய்கூலியைத் தனியாகப் போடும் கடையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இதே சங்கிலியை மறுநாள் விற்கப் போனால் என்ன கிடைக்கும்? சேதாரமும் வரியும் திரும்பி வராது. எடைக்கு மட்டும்தான் காசு. அதிலும் ரொக்கமாகக் கேட்டால் பல கடைகளில் கொஞ்சம் கழிப்பார்கள். 2 சதவிகிதம் கழித்தால் 1,56,800 ரூபாய். ஒரே நாளில் 27,800 ரூபாய் போய்விட்டது. தங்கம் விலை ஏறத்தாழ 18 சதவிகிதம் ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும்.

சேதாரம் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் நேரான பொருள் இருந்தது. பத்தர் கையால் உருக்கி, கம்பி இழுத்து, அரம் போட்டு, மெருகேற்றும்போது தங்கத்தூள் சிந்தும்; அந்த இழப்பைத்தான் வாங்குபவர் கட்டினார். பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட வாங்கி, அலசி, அதிலிருந்து பொன் எடுத்துப் பிழைத்தவர்கள் உண்டு. இன்று பெரும்பாலான சங்கிலிகளை இயந்திரம் செய்கிறது. சிந்தும் தூளும் திரும்ப உருக்கப்படுகிறது. ஆக, இன்றைய சேதாரம் பெரும்பாலும் டிசைனுக்கும் கடைக்குமான விலை. பேரம் பேசினால் குறைவதிலிருந்தே அது தெரிகிறது.

இதே எடையில் வேலைப்பாடு அதிகமுள்ள ஆரம் எடுத்து, அதற்கு 20 சதவிகிதம் சேதாரம் என்றால், பில் 1,97,700 ரூபாயைத் தாண்டும். சாதாரணச் சங்கிலியைவிட 13,000 ரூபாய் அதிகம். ஆனால், அடகு வைக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். மதிப்பீட்டாளர் டிசைனைப் பார்ப்பதில்லை. உரைகல்லையும் தராசையும் பார்க்கிறார். கல் பதித்திருந்தால் கல்லின் எடையைக் கழிப்பார். உள்ளே அரக்கு அடைத்த நகை என்றால் அதற்கும் கழிவு உண்டு. கல்லுக்குக் கொடுத்த காசு அடகிலும் வராது, விற்பனையிலும் வராது.

காசு வாங்கினால்

இதே 16 கிராமை இரண்டு பவுன் காசாக வாங்கினால், தயாரிப்புக் கட்டணம் பல கடைகளில் மிகக் குறைவு. 2 சதவிகிதம் என்று வைத்து, ஜிஎஸ்டியும் சேர்த்தால் சுமார் 1,68,100 ரூபாய். சங்கிலியைவிட 16,500 ரூபாய் மிச்சம். விலை 7 சதவிகிதம் ஏறினாலே முதல் தேறிவிடும். சிறிய காசாக வாங்க வாங்க இந்தக் கட்டணம் கூடும். அரை கிராம், ஒரு கிராம் காசுகளில் அது நகைச் சேதாரத்தை நெருங்குவதும் உண்டு.

மகள் கல்யாணத்துக்குப் பத்து வருடம் இருக்கிறது, டிசைனை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குக் காசு நல்லது. சிக்கல் ஆடி மாதத்தில் வரும். ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகள் நகைக்குக் கடன் தரலாம். காசு என்றால், ஒருவருக்கு 50 கிராம் வரைதான் தரலாம். நகைக்கடையில் வாங்கிய காசை வங்கிக்கு எடுத்துப்போய்த் திரும்பி வந்தவர்கள் டெல்டாவில் நிறைய. வங்கிக் காசிலும் ஒரு முடிச்சு உண்டு: விற்ற வங்கி அதைத் திரும்ப வாங்காது. விற்பதென்றால் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும்.

கடன் கிடைக்காதபோது காசை விற்றுச் சாகுபடி செய்துவிட்டு, தையில் திரும்ப வாங்கினால் என்ன ஆகும்? 1,56,800-க்கு விற்று, 1,68,100-க்கு வாங்க வேண்டும். விலை அசையாமல் நின்றாலும் 11,300 ரூபாய் நஷ்டம். அதே சங்கிலியை அடகு வைத்து, மதிப்பில் முக்கால் பங்காக 1,20,000 ரூபாய் வாங்கி, 9 சதவிகித வட்டியில் ஆறு மாதம் கழித்து மீட்டால் வட்டி 5,400 ரூபாய்தான். வருடா வருடம் அடகுக்குப் போகும் தங்கம் என்றால், சங்கிலிக்குக் கூடுதலாகக் கொடுத்த 16,500 ரூபாய் மூன்று சாகுபடியில் ஈடாகிவிடும். சேதாரம் தண்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அடகு வைக்கும் வீட்டில் அது முழுத் தண்டம் அல்ல. 8, 10 சதவிகிதச் சேதாரத்தில் கல் இல்லாத வளையலோ, சங்கிலியோ எடுத்தால் இந்தக் கணக்கு இன்னும் சாதகமாகும்.

2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன்களைத் தமிழக அரசு தள்ளுபடி செய்ததும், நகைதான் நல்லது என்ற எண்ணத்தை ஊரில் வலுப்படுத்தியது. அதற்குக் குடும்ப அட்டை, ஆதார் என்று நிபந்தனைகள் இருந்ததும், தகுதியில்லை என்று பலர் விடுபட்டதும் நினைவிருக்கும். இன்னொரு தள்ளுபடியை எதிர்பார்த்து நகை எடுப்பது, மழையை நம்பி வாய்க்கால் வெட்டாமல் இருப்பதைப் போன்றது.

தாளில் இருக்கும் தங்கம்

கோல்டு இடிஎஃப் என்பது பங்குச் சந்தையில் வாங்கும் தங்கம். நிதி நிறுவனம் 99.5 சதவிகிதத் தூய்மையுள்ள தங்கத்தை வாங்கிப் பெட்டகத்தில் வைத்து, அதற்கு யூனிட் வெளியிடுகிறது. இந்தியாவில் 2007 மார்ச் முதல் இது உண்டு. வாங்க டிமேட் கணக்கு வேண்டும். டிமேட் இல்லாதவர்களுக்கு, அந்த இடிஎஃப்-ஐயே வாங்கி வைக்கும் கோல்டு ஃபண்ட் இருக்கிறது. மாதம் 500 ரூபாய் போட்டும் சேர்க்கலாம்.

இங்கே சேதாரம் இல்லை, வாங்கும்போது 3 சதவிகித ஜிஎஸ்டியும் இல்லை. பதிலாக நிர்வாகச் செலவு என்று வருடா வருடம் பிடிப்பார்கள். அது 0.6 சதவிகிதம் என்றால் 1,60,000 ரூபாய்க்கு வருடம் 960 ரூபாய். கோல்டு ஃபண்டில் இரண்டு அடுக்குச் செலவு என்பதால் சற்றுக் கூடும். திருட்டுப் பயம் இல்லை, லாக்கர் வாடகை இல்லை.

ஆனால் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகள், கோல்டு இடிஎஃப், கோல்டு ஃபண்ட் யூனிட்டுகளின் மேல் கடன் தரக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. ஆடியில் பணம் வேண்டுமானால் விற்கத்தான் வேண்டும். தேவையான தொகைக்கு மட்டும் விற்கலாம், பணம் ஓரிரு வேலை நாளில் வந்துவிடும், திரும்ப வாங்கும் செலவும் சொற்பம். இடையில் தங்கம் விலை ஏறிவிட்டால் முன்பிருந்த அளவு தங்கத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பதுதான் ஆபத்து. லாபத்துக்கு வரியும் உண்டு. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் இதற்கும் இல்லை என்று நினைப்பது தவறு. நகையோ, காசோ, ஃபண்டோ, தங்கத்தில் வரும் லாபம் விவசாய வருமானத்தில் சேராது.

கடனுக்கு ஈடாகவும் வைக்கக்கூடிய தாள் தங்கம் ஒன்று இருந்தது: அரசின் தங்கப் பத்திரம். 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியவர்களுக்கு 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் கிடைத்தது. வருடத்துக்குச் சில சதவிகித வட்டி தனி. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிய வெளியீடு வரவில்லை. கையில் வைத்திருப்பவர்கள் முதிர்வு வரை விடாமல் வைத்திருக்கலாம்.

நகைச் சீட்டு

சேதாரத்தைத் தவிர்க்கவே பலர் கடைகளில் மாதச் சீட்டு கட்டுகிறார்கள். 11 மாதம் கட்டினால் குறிப்பிட்ட சதவிகிதம் வரை சேதாரம் இல்லை என்பார்கள். கட்டும் அன்றைய விலைக்கு எடையாக வரவு வைக்கும் சீட்டா, பணமாக மட்டும் சேரும் சீட்டா என்று முதலில் கேட்க வேண்டும். விலை ஏறும் வருடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும். காசுக்குச் சலுகை இல்லை, நகைதான் எடுக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் நிபந்தனையில் இருக்கும். இது வங்கி வைப்பு அல்ல. கடை மூடினால் காப்பீடு கிடையாது. தமிழகத்தில் சீட்டுப் பணத்தோடு மூடப்பட்ட கடைகள் சில உண்டு.

பில்லில் பார்க்க வேண்டியது

எந்த நகை எடுத்தாலும் மொத்த எடை, கல் நீக்கிய நிகர எடை, சேதார சதவிகிதம் மூன்றும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் பிஐஎஸ் முத்திரை, 22K916 என்ற தூய்மைக் குறி, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த HUID மூன்றும் இருக்கும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. BIS Care செயலியில் Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறு குறிகளையும் போட்டால், அது எந்த வகை நகை, எவ்வளவு தூய்மை, எங்கே முத்திரையிட்டது என்று வரும். கையில் இருப்பது வளையல், செயலி மோதிரம் என்று காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய பிறகு தூய்மை குறைவாக இருப்பது சோதனையில் தெரிந்தால், குறைந்த மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும் என்பது பிஐஎஸ் விதி. அதைக் கேட்பதற்கு பில் வேண்டும். ஜிஎஸ்டியை மிச்சப்படுத்தத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிய நகைக்கு அந்த உரிமையைக் கேட்டு நிற்க முடியாது.