ஆடிட்டர் எங்கே கை வைத்தார்?

தங்கை மசாலாப் பொடி அரைத்து விற்கிறாள். வங்கிக் கடனுக்காகப் பவர்பாயின்ட்டில் 12 ஸ்லைடு தயார் செய்து ஆடிட்டருக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் கோப்பு திரும்பி வந்தது. கூடவே ஒரே வரி: “சில இடம் திருத்தியிருக்கேன்மா, பாத்துக்கோ.” எந்த இடம் என்று சொல்லவில்லை.

வேர்டாக இருந்தால் நீக்கியது அடித்தலோடும் சேர்த்தது நிறத்தோடும் தெரிந்திருக்கும். பவர்பாயின்ட்டில் அந்த வசதி இல்லை. திருத்தியவர் சேமித்து அனுப்பிவிட்டால் பழசு எது, புதுசு எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு கோப்பையும் அருகருகே வைத்து வரி வரியாகப் பார்க்க உட்கார்ந்தவளிடம், “பழைய கோப்பு பத்திரமா இருக்கா?” என்று கேட்டேன். இருந்தது. அது போதும்.

முதலில் நம்முடைய பழைய கோப்பைத் திறக்க வேண்டும், ஆடிட்டருடையதை அல்ல. இதை மாற்றிச் செய்தால் எல்லாம் தலைகீழாகும்: அவர் சேர்த்த வரிகளை நாம் நீக்கியதாகக் காட்டும். பழையது திறந்திருக்கும்போது Review பட்டையில் Compare-ஐ அழுத்தி, அவர் அனுப்பிய கோப்பைத் தேர்ந்தெடுத்து Merge கொடுத்தோம். வலப்பக்கம் Revisions என்ற பலகை விரிந்தது. ஸ்லைடில் கைபட்ட இடங்களின் ஓரத்தில் சின்னச் சின்ன அடையாளங்கள் முளைத்தன.

இந்த நிலையில் திரையில் இருப்பது இன்னும் பழைய ஸ்லைடுதான். ஆடிட்டரின் திருத்தம் எதுவும் ஏறவில்லை. நாம் டிக் அடித்தால்தான் ஏறும். டிக்கை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். அதனால் போட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

நான்காம் ஸ்லைடில் “ஆண்டு விற்பனை 24 லட்சம்” என்று தங்கை எழுதியிருந்தாள். அடையாளத்தைத் தொட்டதும் ஒரு சின்னப் பட்டியல் விழுந்தது. 24 நீக்கப்பட்டது ஒரு வரி, 21.6 சேர்க்கப்பட்டது இன்னொரு வரி, இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். அவசரத்தில் அவள் சேர்த்ததற்கு மட்டும் டிக் அடிக்க, இரண்டு எண்ணும் ஒட்டிக்கொண்டு நின்றன. வங்கி மேலாளர் பார்த்திருந்தால் மயங்கியிருப்பார்! எண்ணோ சொல்லோ மாறியிருந்தால் நீக்கல், சேர்க்கல் இரண்டையும் ஜோடியாக ஏற்க வேண்டும். பட்டியலின் மேலே அந்தப் பெட்டி முழுவதற்குமான ஒரு கட்டம் உண்டு. ஆனால் அதே பெட்டியில் வேண்டாத திருத்தம் இருந்தால் அதுவும் சேர்ந்தே வந்துவிடும்.

21.6 ஏன் என்று ஆடிட்டருக்குப் போன் போட்டாள். பழைய அரவை இயந்திரத்தை விற்ற 2.4 லட்சத்தையும் இவள் விற்பனையில் சேர்த்திருக்கிறாள். சரி, ஏற்றுக்கொண்டாள். அதே ஸ்லைடில் “ஆச்சியின் கைப்பக்குவம்” என்ற வரியை அவர் அடித்திருந்தார். அதற்கு மட்டும் டிக் விழவில்லை.

ஒரு ஸ்லைடையே மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் Revisions பலகையில் Slides என்ற தாவல் இருக்கிறது. ஆடிட்டர் திருத்திய ஸ்லைடு எப்படி இருக்கிறது என்று அங்கே சிறு படமாகத் தெரியும். முழு ஸ்லைடு சேர்த்ததும் நீக்கியதும் பக்கத்திலுள்ள Details தாவலில் தனியாக வரும். பொருட்களின் விலைப் பட்டியலாக அவர் சேர்த்த புது ஸ்லைடு அங்கேதான் அகப்பட்டது. Accept பொத்தானின் கீழே, மொத்தக் கோப்பின் திருத்தங்களையும் ஒரே அழுத்தில் ஏற்கும் வழியும் இருக்கிறது. அதை அழுத்துவதற்கு இவ்வளவு பாடு எதற்கு, அவர் கோப்பையே வைத்துக்கொள்ளலாமே.

கடைசியில் End Review. இங்கே நிதானம் தேவை. இதை அழுத்தியதும் டிக் அடிக்காத திருத்தம் எல்லாம் போய்விடும், Undo-வும் கைகொடுக்காது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டு வைத்ததும் நிராகரித்ததாகவே கணக்கு. அதனால் Next பொத்தானை அழுத்தி ஒருமுறை கடைசிவரை நடந்துவிட்டு முடித்தோம். பிறகு புதுப் பெயரில் சேமித்தோம். பழைய கோப்பும் ஆடிட்டர் கோப்பும் அப்படியே கிடக்கின்றன.

முடிந்தது என்று எழுந்தபோது தங்கை ஒன்பதாம் ஸ்லைடில் நின்றாள். அதில் விற்பனை வரைபடம். உச்சியில் இன்னும் 24 லட்சம். அங்கே அடையாளமே வரவில்லை. கருவி பாவம், என்ன செய்யும்? ஆடிட்டர் கை வைத்த இடத்தைத்தான் அது காட்டும். அவர் வைக்க மறந்த இடம் அதற்குத் தெரியாது. வரைபடத்தின் தரவைத் திறந்து எண்ணை அவளே மாற்றினாள்.