பால்கனி எப்படி ஹாலுக்குள் வந்தது?

ஃப்ளாட் வாங்கும்போது கையெழுத்திடும் விற்பனை ஒப்பந்தத்தில் நாம் விலையைப் பார்க்கிறோம், தவணை அட்டவணையைப் பார்க்கிறோம். கடைசியில் வரும் சொத்து விவரப் பட்டியலை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. கார்ப்பெட் ஏரியா குளறுபடி பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

ஓர் உதாரணம். சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியா 742 சதுர அடி. அதே திட்டத்துக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான ஆவணத்தில் 64.85 சதுர மீட்டர். 10.764-ஆல் பெருக்கினால் 698 சதுர அடி. மீதி 44 எங்கே? வரைபடத்தைப் பார்த்தால் பால்கனி 4.09 சதுர மீட்டர், அதாவது சரியாக 44 சதுர அடி. பால்கனியை வீட்டுக்குள் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் பிரிவு 2(கே) இதை அனுமதிக்கவில்லை. கார்ப்பெட் ஏரியாவில் உள் தடுப்புச் சுவர்கள் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், நமக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி எதுவும் சேராது.

“பால்கனியும் உங்களுடையதுதானே சார், மொத்தம் மாறவில்லையே” என்பார் விற்பனைப் பிரிவுக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒப்பந்தம் கார்ப்பெட் ஏரியாவுக்குச் சதுர அடி 9,000 ரூபாய் என்று விலை போட்டிருந்தால், அந்த 44-க்கு 3,96,000 ரூபாய் போகிறது. இன்னொரு சிக்கல் சாவி வாங்கும் நாளில் வரும். அறைகள் சுருங்கிப் பால்கனி பெருத்திருந்தாலும் கூட்டுத்தொகை 742 என்றே நிற்கும். குறையைக் காட்ட நம்மிடம் அளவுகோல் இருக்காது.

ஆகவே எழுத வேண்டும். போனில் பேசியது எதுவும் நிற்காது. கடிதம் நீளமாகவோ கோபமாகவோ இருக்க வேண்டியதில்லை. ‘மோசடி’ என்று தொடங்கினால் பதில் அவர்களுடைய வக்கீலிடமிருந்து வரும். தட்டச்சுப் பிழைக்கும் வாய்ப்பு உண்டு என்பதை மறக்கக் கூடாது. மேலே ஃப்ளாட் எண், திட்டத்தின் பதிவு எண், ஒப்பந்தத் தேதி, அது பதிவாகியிருந்தால் ஆவண எண் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, உள்ளே இப்படி எழுதலாம்:

“ஐயா, மேற்படி ஒப்பந்தத்தின் சொத்து விவரத்தில் கார்ப்பெட் ஏரியா 742 சதுர அடி என்று உள்ளது. ஆணையத்தில் தாங்கள் பதிவு செய்த விவரப்படி அது 698 சதுர அடி. பால்கனி 44 சதுர அடி தனி. கார்ப்பெட் ஏரியாவையும் பால்கனியையும் தனித்தனியே குறிப்பிட்டு, விலையை அதற்கேற்பக் கணக்கிட்டு, திருத்த ஆவணத்தின் வரைவை 15 நாட்களுக்குள் அனுப்பித் தர வேண்டுகிறேன். இதற்கிடையே நான் செலுத்தும் தவணை, 742 என்ற அளவை நான் ஏற்றதாகாது.”

கடைசி வாக்கியம் முக்கியமானது. தவணையை நிறுத்தினால் தாமத வட்டி கேட்பார்கள். ஒன்றும் சொல்லாமல் கட்டினால் ஒப்புக்கொண்டதாக வாதிடுவார்கள். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம், ஆணையத்தின் பக்கம், வரைபடம் மூன்றின் நகலையும் இணைக்க வேண்டும். கணவன் மனைவி கூட்டாக வாங்கியிருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தத்தில் அறிவிப்புகளுக்கென்று தந்திருக்கும் முகவரிக்கு ஒப்புகையுடன் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று.

ஒப்பந்தம் இன்னும் பதிவாகவில்லை என்றால் வேலை சுலபம்; அந்தப் பக்கத்தையே மாற்றி அச்சிடச் சொல்லலாம். சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது என்பதால், அவர்களுக்கும் அதை முடிக்கும் அவசரம் இருக்கும். பதிவான பிறகு என்றால் இரு தரப்பும் கையெழுத்திட்டு, பிழைதிருத்தல் ஆவணமாக சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் செலவை யார் ஏற்பது என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. பேனாவால் அடித்து 698 என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுத் தருகிறேன் என்றால் ஏற்க வேண்டாம்; பதிவேட்டில் இருக்கும் நகலில் 742 அப்படியேதான் இருக்கும். வீட்டுக்கடன் இருந்தால் திருத்திய ஆவணத்தின் நகல் வங்கிக்கும் போக வேண்டும்.

“பால்கனியைச் சேர்த்துத்தான் 742” என்று எழுத்தில் பதில் வந்தால் சலித்துக்கொள்ளாமல் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவர் நிரூபிக்க வேண்டியதை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆணையத்தில் புகார் செய்ய நேர்ந்தால் அந்தத் தாள், உங்கள் கடிதம், தபால் ஒப்புகை மூன்றையும் சேர்த்து வைக்கலாம்.