படத்தைச் சூழும் கரும்பட்டி

மணமாகி முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு தம்பதியரின் திருமண ஒளிநாடா, வீட்டு அலுமாரியில் நெடுநாள் கிடந்தது என்று கொள்க. பிள்ளைகள் அதனை ஒரு கடையிற் கொடுத்துக் கணினிக் கோப்பாக மாற்றுவித்து, கூடத்திலுள்ள அகன்ற தொலைக்காட்சியில் இட்டுக் காட்டுகிறார்கள். மணவறையும் நாதஸ்வரமும் தெரிகின்றன. ஆனால் படத்தின் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் கதவுநிலை போலக் கரிய பட்டிகள் இரண்டு நிற்கின்றன. தொலைக்காட்சி பழுதோ, நாடா பழுதோ, கடைக்காரர் செய்த பிழையோ என்ற ஐயம் எழுகிறது. ஒருவர் தொலைவிசையை எடுத்து எதையோ அழுத்துகிறார். படம் திரையை நிரப்பிவிடுகிறது. ஆனால் மணமகளின் முகம் பருத்துப்போகிறது.

இங்கே உண்மையில் நிகழ்வது ஓர் எளிய கணக்கு. எந்த அசையும் படத்துக்கும் அகலம் இத்தனை, உயரம் இத்தனை என்று ஓர் அளவு உண்டு. பழைய தொலைக்காட்சிப் படம் நான்கு பங்கு அகலமும் மூன்று பங்கு உயரமும் உடையது. இன்றைய திரையோ பதினாறு பங்கு அகலமும் ஒன்பது பங்கு உயரமும் கொண்டது. முன்னதை 4:3 என்றும் பின்னதை 16:9 என்றும் எழுதுவர். இத்தகைய திரையொன்றின் அகலத்தில் 1920 படப்புள்ளிகளும் உயரத்தில் 1080 படப்புள்ளிகளும் இருப்பதாகக் கொண்டால், 4:3 படம் உயரம் முழுவதையும் நிரப்பும்போது அதன் அகலம் 1440 புள்ளிகளே ஆகும். எஞ்சிய 480 புள்ளிகளில் இடப்புறம் 240, வலப்புறம் 240 என நிற்பதே அந்தக் கரும்பட்டி. அங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. காட்டுதற்குப் படம் இல்லாத இடம் அது.

அந்த இடத்தை நிரப்பியே தீரவேண்டுமென்றால் வழிகள் இரண்டுதாம் உண்டு. முதலாவது, படத்தைப் பெருப்பித்து மேலும் கீழும் வெட்டுவது. அகலம் 1920 ஆகும்வரை பெருப்பித்தால் உயரம் 1440 ஆகிவிடும். திரை கொள்வதோ 1080. ஆகவே மேலே 180, கீழே 180 புள்ளிகள் வெளியே போகின்றன. படத்தின் காற்பங்கு இழப்பு அது. மணவறைப் படத்தில் அந்தக் காற்பங்கு எது? மேலே நிற்பவரின் தலை. கீழே, தாம்பாளத்திலிருக்கும் கூறைச்சேலை. இரண்டாவது வழி, வெட்டாமல் அகலவாக்கில் மட்டும் இழுப்பது. அப்பொழுது ஒவ்வொரு பொருளும் மூன்றிலொரு பங்கு அகன்றுவிடும். நெற்றியில் இட்ட வட்டப் பொட்டு முட்டை வடிவாகும். அதுவே இழுப்பைக் கண்டுகொள்ளச் சிறந்த அடையாளம். தொலைவிசை செய்த வேலை இதுதான். படம் முழுமையாகவும் வடிவு கெடாமலும் இருக்கவேண்டுமெனின், மூன்றாவது வழியாகிய கரும்பட்டியை ஏற்றுக்கொள்வதே முறை.

அப்படியாயின் எல்லாப் படத்துக்கும் பொருந்துகின்ற திரையொன்றை ஏன் செய்யவில்லை என்று கேட்கத் தோன்றும். செய்ய இயலாது என்பதை அறிந்தே இன்றைய திரையின் அளவு தெரிந்தெடுக்கப்பட்டது. எடிசனின் ஆய்வுகூடத்தில் உருவான முதற் படச்சுருளின் வடிவம் ஏறத்தாழ 4:3. தொலைக்காட்சி வந்தபோது அதே வடிவை எடுத்துக்கொண்டது. வீட்டிலேயே படம் பார்க்கத் தொடங்கிய மக்களைத் திரையரங்குக்கு மீட்க விரும்பிய அமெரிக்கப் பட நிறுவனங்கள், மிக அகன்ற படங்களை எடுக்கத் தலைப்பட்டன. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த றோப்’ என்னும் படம் சினிமாஸ்கோப் படங்களுள் முதலானது. பின்னர் அவ்வகைப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு என்ற அளவில் நிலைத்தது. 1980களில் புதிய தொலைக்காட்சிக்கு வடிவம் தேடியபோது, கேர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியியலாளர் வழக்கிலிருந்த வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக நடுவொத்து வைத்துப் பார்த்தார். அவை யாவற்றையும் தன்னுள் அடக்கும் வெளிச்செவ்வகமும், யாவற்றுக்கும் பொதுவாயுள்ள உட்செவ்வகமும் ஒரே விகிதத்தில் அமைந்தன: ஏறத்தாழ 1.77. அதற்கு அண்மையிலுள்ள முழுவெண் விகிதமே 16:9.

ஆகவே 16:9 என்பது எவருடைய விருப்ப வடிவமும் அன்று; அது ஓர் இணக்கம். அதில் 4:3 படம் வந்தால் பக்கங்களிற் கரும்பட்டி. திரையின் முக்காற் பங்கு பயன்படும். சினிமாஸ்கோப் படம் வந்தால் மேலும் கீழும் ஏறக்குறைய 131 புள்ளி உயரமுள்ள கரும்பட்டி. அப்பொழுதும் முக்காலுக்குச் சற்று மேலே பயன்படும். இரு திறத்தாருக்கும் இழப்பு ஏறத்தாழச் சமம். இந்த இணக்கத்தில் எதிர்பாராத விருந்தாளி கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் படம். 9:16 ஆகிய அந்தப் படம் அகன்ற திரையில் மூன்றிலொரு பங்கைக்கூட நிரப்பாது.

இதுவரை சொல்லப்பட்டவை, காட்டும் கருவி தானே விடுகின்ற வெற்றிடத்தைப் பற்றியவை. அவற்றால் கேடில்லை, வேறொரு திரையில் இட்டால் தாமே மாறிவிடும். கேடு செய்வது இன்னொரு வகைப் பட்டி. அது கோப்புக்குள்ளேயே படத்தோடு படமாகப் பதிந்துவிட்ட கறுப்பு.

மேற்சொன்ன கடையில், நாடாவை 4:3 கோப்பாக எடுக்காமல், “இப்பொழுது எல்லாம் அகன்ற திரைதானே” என்று எண்ணி, இரு பக்கமும் கறுப்பைச் சேர்த்து 16:9 கோப்பாக எழுதிக் கொடுத்திருக்கலாம். கூடத்துத் தொலைக்காட்சியில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் அதே கோப்பை 4:3 வடிவுள்ள ஒரு பலகைக் கணினியில் இட்டுப் பாருங்கள். அதன் திரை 1024க்கு 768 புள்ளிகள் என்க. கோப்பு தன்னை 16:9 என்று சொல்லுகிறது. ஆகவே கருவி அதனை 1024க்கு 576 ஆகச் சுருக்கி, மேலும் கீழும் 96 புள்ளிக் கறுப்பை விடுகிறது. அந்த 1024 அகலத்துக்குள்ளேயும் பக்கத்துக்கு 128 புள்ளிகள் கடையிற் சேர்த்த கறுப்பு. எஞ்சுவது 768க்கு 576. திரை முழுவதையும் சிறிதும் பிசகாமல் நிரப்பியிருக்க வேண்டிய படம், நாற்புறமும் கறுப்புச் சூழ, பரப்பிற் பாதிக்குச் சற்றே மேலாக, முத்திரைபோல் நடுவில் நிற்கும். நாற்புறக் கறுப்பு எங்கே காணப்பட்டாலும், பட்டி இருமுறை இடப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் துணியலாம்.

பட்டி எவ்விடத்தது என்பதை அறிய, கோப்பின் விவரத்திற் காணும் அகலத்தையும் உயரத்தையும் பாருங்கள். 1440க்கு 1080 என்றோ 640க்கு 480 என்றோ இருந்தால், அகலத்தை உயரத்தால் வகுக்க 1.33 வரும், கறுப்பு கருவியுடையது. 1920க்கு 1080 என்றிருந்து, 16:9 திரையிலேயே பக்கங்களிற் கறுப்புத் தெரிந்தால், அது கோப்பினுள் இருக்கிறது. கருவியையோ திரையையோ திட்டிப் பயனில்லை.

கணக்கு ஓரிடத்தில் மட்டும் ஏமாற்றும். இலங்கைத் தொலைக்காட்சியில் வழங்கிய ‘பால்’ என்னும் வண்ண முறைப்படி எடுத்த படங்கள் இலக்கமாக்கப்படும்போது பெரும்பாலும் 720க்கு 576 என்ற அளவைப் பெறும். வகுத்தால் 1.25 வருகிறது, ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. காட்டும்போது சற்று அகலப்படுத்தி 4:3 ஆக்குக என்ற குறிப்பு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு தவறிப்போனால் முகங்கள் சற்று ஒடுங்கும். 1080 உயரத் திரையில் பக்கப்பட்டி 240க்குப் பதிலாக 285 புள்ளிகளாகத் தடிக்கும். ஒடுங்கிய முகத்தைப் பலர் கவனிப்பதில்லை. தடித்த பட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

கருவியின் பட்டியை நீக்க விரும்புவோர் படத்தைத் தொடவேண்டியதில்லை. படம் தோன்றும் சட்டகத்தை மாற்றினாற் போதும். இணையப் பக்கத்தில் காணொளி வைப்போர், 16:9 சட்டகத்துள் 4:3 கோப்பை இடுவதனாலேயே பட்டியை வருவித்துக்கொள்கிறார்கள். சட்டகத்துக்கு `aspect-ratio: 4 / 3` என்று எழுதிவிட்டாற் பட்டி மறைந்துவிடும். சட்டகத்தை மாற்ற முடியாதவிடத்து `object-fit` என்பதற்கு `contain`, `cover`, `fill` என்ற மூன்று விடைகள் உண்டு. முன்பு சொன்ன மூன்று வழிகளே அவை: பட்டியோடு முழுப்படம், வெட்டிய படம், இழுத்த படம்.

கோப்புக்குள் பதிந்த கறுப்பை நீக்க, அதனை வெட்டியே ஆகவேண்டும். முதலிற் கடைக்காரரிடம் நாடாவை மீண்டும் கொடுத்து, பட்டி சேர்க்காத 4:3 கோப்பு ஒன்று கேட்பதே நல்லது. நாடா கெட்டுவிட்டதென்றால், `ffmpeg` என்னும் இலவச மென்பொருளால் இவ்வாறு செய்யலாம்:

```
ffmpeg -i kalyanam.mp4 -vf crop=1440:1080:240:0 -c:a copy puthithu.mp4
```

எண்கள் நான்கும் முறையே வேண்டிய அகலம், வேண்டிய உயரம், இடப்பக்கத்திலிருந்து தள்ளவேண்டிய தூரம், மேலிருந்து தள்ளவேண்டிய தூரம் என்பன. ஒலி அப்படியே எடுத்துவைக்கப்படும். படமோ மீண்டும் புதிதாக எழுதப்படுவதால் சிறிதளவு தெளிவை இழக்கும். ஆதலால் பழைய கோப்பை அழிக்கலாகாது.

எண்களை ஊகித்துத் தரும் `cropdetect` என்ற வசதியும் அதில் உண்டு. அது எங்கே கறுப்பு முடிகிறது என்று தேடும். ஆகவே இருண்ட காட்சியொன்றை மட்டும் கொடுத்தால், மண்டபத்து இருளையும் பட்டியென்று எண்ணி அதிகம் வெட்டச் சொல்லும். ஒளி மிகுந்த மூன்று நான்கு இடங்களிற் சோதித்து, விடைகளுள் மிகப் பெரிய அகலத்தையும் உயரத்தையும் கொள்ளவேண்டும். நாடாப் படத்தின் அடிப்பக்கத்தில் நெளிகின்ற மெல்லிய கோடுகள் சில தெரிவதுண்டு. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளின் விளிம்பு அவற்றை மறைத்துவிட்டமையால் அக்காலத்தில் எவரும் கண்டதில்லை. அவற்றையும் வெட்டுவது அவரவர் விருப்பம்.

வெட்டவே கூடாத கறுப்பும் ஒன்றுண்டு. 2014இல் வெளிவந்த ‘த கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்’ என்ற படத்தில், கதை நிகழும் காலத்துக்கேற்பப் படத்தின் வடிவம் மூன்று விதமாக மாறுகிறது. ஒரு பகுதியின் பட்டியைப் பார்த்து அளவு குறித்து முழுப்படத்தையும் வெட்டினால், அடுத்த பகுதியில் ஆட்களின் தலை போய்விடும். கடைசிவரை ஓட்டிப் பார்த்த பின்னரே அந்த நான்கு எண்களையும் எழுதவேண்டும்.