ஆஸ்பத்திரி பில்லை கம்பெனி கட்டியாச்சு. கடை வாடகையை யார் கட்டுவது?

"மெடிகிளைம் பாலிசி ஏற்கனவே இருக்கு. இப்போ ஏஜெண்டு வந்து 'கிரிட்டிக்கல் இல்னஸ்'னு இன்னொண்ணு எடுக்கச் சொல்றாரு. ரெண்டும் நிஜமாவே வேணுமா? இல்லே, நம்ம தலையிலே கட்டப் பாக்குறாரா?"

நடுத்தரக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரே நோய் வந்த அண்ணன்-தம்பி கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அண்ணன் புரசைவாக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். வயது 46. தம்பி அரசு அலுவலகத்தில் கிளார்க். இருவரிடமும் ரூ.5 லட்சத்துக்கு மெடிகிளைம் பாலிசி இருக்கிறது.

வாய் கோணியது

ஒரு நாள் காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கையைத் தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. பக்கவாதம்!

ஆஸ்பத்திரியில் 12 நாள். பில் ரூ.4 லட்சத்து 20 ஆயிரம். மெடிகிளைம் கம்பெனி ரூ.3 லட்சத்து 90 ஆயிரம் கட்டியது. கையுறை, பஞ்சு போன்ற சில்லறைச் சாமான்களுக்கான ரூ.30 ஆயிரம் மட்டும் கைக்காசு. குடும்பம் பெருமூச்சு விட்டது.

ஆனால், உண்மையான கஷ்டம் வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கியது.

வலது கைக்கு இன்னும் பலம் வரவில்லை. கடை ஷட்டர் ஏறவில்லை. வியாபாரம் இல்லை. ஆனால் செலவு நிற்குமா? வீட்டுச் செலவு மாதம் ரூ.35 ஆயிரம். கடை வாடகை ரூ.15 ஆயிரம். பல வருடமாக வேலை பார்க்கும் கடைப் பையனை விட்டுவிட முடியாது, அவனுக்கு ரூ.12 ஆயிரம். உடற்பயிற்சி கொடுக்க வருபவருக்கும், கூடமாட ஒத்தாசைக்கு இருப்பவருக்கும் ரூ.18 ஆயிரம்.

கூட்டினால் மாதம் ரூ.80 ஆயிரம். ஆறு மாதத்துக்கு ரூ.4 லட்சத்து 80 ஆயிரம். ஆஸ்பத்திரி பில்லைவிட இது அதிகம்!

பில் இருந்தால்தான் பணம்

இந்தப் பணத்தை மெடிகிளைம் கொடுக்காது. அது கம்பெனியின் குற்றமும் அல்ல. மெடிகிளைம் என்பது ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாலிசி. என்ன செலவானதோ அதற்கு பில் காட்டினால், பாலிசித் தொகைக்கு உட்பட்டுப் பணம் வரும். வீடு திரும்பிய பிறகு, பொதுவாக 60 நாள் வரையிலான மருந்து, டெஸ்டு செலவையும் கேட்கலாம். கடை வாடகைக்கும் பள்ளிக்கூட பீசுக்கும் அதில் இடம் இல்லை.

கிரிட்டிக்கல் இல்னஸ் என்கிற 'கடும் நோய் பாலிசி' வேறு ரகம். புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று பாலிசியில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உள்ள நோய், அதில் சொன்ன அளவுக்கு வந்துவிட்டால் முழுத் தொகையும் மொத்தமாகக் கைக்கு வரும். ஆஸ்பத்திரி பில் ரூ.1 லட்சமா, ரூ.4 லட்சமா என்ற பேச்சே இல்லை. அந்தப் பணத்தில் வாடகை கொடுக்கலாம்; கடனை அடைக்கலாம்.

"ஒரே நோய்க்கு ரெண்டு பணம் தருவாங்களா?" என்று சந்தேகம் வரலாம். தருவார்கள். ஒன்று பில்லுக்கு, மற்றொன்று நோய்க்கு. ஒன்றை வாங்கியதால் மற்றது குறையாது. ஆனால், பணம் கொடுத்ததும் கடும் நோய் பாலிசி பெரும்பாலும் முடிந்துவிடும். மெடிகிளைமைத் தொடர்ந்து புதுப்பிக்கலாம்.

மூன்று மாதம் பொறுக்க வேண்டும்

அண்ணனிடம் ரூ.10 லட்சத்துக்குக் கடும் நோய் பாலிசியும் இருந்தது என்றால் உடனே பணம் வந்திருக்குமா? வராது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

பக்கவாதத்தால் வந்த பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டும், நரம்பியல் டாக்டரின் சான்றும் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கை மரத்துப் போய், அப்புறம் சரியாகிவிட்ட 'மினி' பக்கவாதத்துக்கு ஒரு பைசா கிடையாது. ஆக, முதல் மூன்று மாத ரூ.2 லட்சத்து 40 ஆயிரத்தைச் சேமிப்பிலிருந்தோ, நகையை அடகு வைத்தோதான் புரட்ட வேண்டும்.

இதயத்திலும் இதே சங்கடம் உண்டு. ரத்தக்குழாய் அடைப்புக்கு 'ஸ்டென்ட்' வைத்தால் மெடிகிளைம் பணம் தரும். கடும் நோய் பாலிசி பலவற்றில், நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸ் ஆபரேஷனுக்குத்தான் பணம். மாரடைப்பு என்று கேட்டாலும், இ.சி.ஜி. மாற்றமும் ரத்தப் பரிசோதனை முடிவும் அதை உறுதி செய்ய வேண்டும். வெறும் நெஞ்சுவலி போதாது. புற்றுநோயிலும் பரவாத ஆரம்பக் கட்டத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

இன்னும் இரண்டு நிபந்தனைகள். பாலிசி எடுத்த முதல் 90 நாளுக்குள் நோய் வந்தால் பொதுவாகப் பணம் இல்லை. நோய் உறுதியான பிறகு, பல பாலிசிகளில் 30 நாள் நோயாளி உயிரோடு இருந்தாக வேண்டும்.

தம்பிக்கு வேண்டாமா?

இதே பக்கவாதம் தம்பிக்கு வந்திருந்தால்? மருத்துவ விடுப்பும் ஈட்டிய விடுப்பும் இருக்கும் வரை சம்பளம் வரும். கடை வாடகைத் தொல்லை இல்லை. அவருக்கு மெடிகிளைம் தொகையை ரூ.5 லட்சத்திலிருந்து ரூ.10 லட்சமாக உயர்த்துவதுதான் முதல் வேலை. அதன் பிறகும் மாதச் சம்பளத்தில் மிச்சம் இருந்தால் கடும் நோய் பாலிசியைப் பற்றி யோசிக்கலாம்.

இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கும் ஓரளவு கைதாங்கல் உண்டு. புற்றுநோய், பக்கவாதம் போன்ற நீண்ட கால நோய்களுக்கு, தகுதி இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும்.

ஆக, கேள்வி இதுதான்: "நான் ஆறு மாதம் படுத்தால் வீட்டுக்குப் பணம் வருமா?" வரும் என்றால் மெடிகிளைமை மட்டும் பலமாக வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், கமிஷன் ஏஜெண்டு, தனியார் கம்பெனியில் விடுப்பு முடிந்ததும் சம்பளம் நிற்பவர் - இவர்களுக்கு இரண்டும் வேண்டும். வீட்டில் சம்பாதிக்கும் ஆள் பெயரில் எடுத்தால் போதும், குழந்தைகளுக்கு வேண்டாம். இரண்டு வருட வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டுத் தொகையை முடிவு செய்யலாம்.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், சந்தேகமே இல்லாமல் மெடிகிளைம்தான். டெங்கு, எலும்பு முறிவு, பித்தப்பைக் கல் எதுவும் கடும் நோய் பட்டியலில் கிடையாது.

கையெழுத்துக்கு முன்னால்...

ஏஜெண்டு "நூறு நோய்க்குப் பணம்" என்று சொன்னால், எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். "ஸ்டென்ட் வைத்தால் உண்டா? பக்கவாதத்துக்கு எத்தனை மாதம்? உயிரோடு இருக்க வேண்டிய நாள் எத்தனை?" என்ற மூன்றையும் கேட்டு, பாலிசித் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இருந்தால் மறைக்கக் கூடாது. "எழுத வேண்டாம் சார், பாத்துக்கலாம்" என்று ஏஜெண்டு சொன்னாலும் எழுதத்தான் வேண்டும். பக்கவாதம் வந்த பிறகு கம்பெனி முதலில் புரட்டுவது பழைய மருந்துச் சீட்டைத்தான்!

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சில பிடித்தங்கள் போக, கட்டிய பணம் திரும்ப வரும். அந்த 30 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, நோய்ப் பட்டியலை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து படித்துவிடுவது நல்லது.