லிங்க்ட்இன் பக்கத்தின் முதல் வரி யாருக்கு?

லிங்க்ட்இன்னில் ஒரு நிறுவனம் பக்கம் தொடங்கினால், பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத இடம் தருவார்கள். டேக்லைன் என்பது அதுதான். 120 எழுத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கடுத்த ‘அபவுட்’ பகுதியில் 2,000 எழுத்து வரை எழுதலாம். பல நிறுவனங்கள் லோகோவுக்கும் பேனர் படத்துக்கும் நாள்கணக்கில் மெனக்கெட்டுவிட்டு, இந்த இரண்டையும் பழைய கையேட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடுகின்றன. வருத்தமான விஷயம். தேடி வருகிறவர் உங்களைக் கண்டுபிடிப்பதும், கூட்டாளியாக வர நினைப்பவர் முடிவெடுப்பதும் இந்த எழுத்துகளை வைத்துத்தான்.

கோவையில் பம்பு, வால்வு கம்பெனிகளுக்கு வார்ப்படம் செய்துகொடுக்கும் ஒரு நடுத்தர ஃபவுண்டரியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய டேக்லைன் இப்படி இருக்கிறது: “தரமே எங்கள் தாரக மந்திரம், புதுமையான தீர்வுகளில் முன்னணி.” இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கொள்முதல் மேலாளர் எவரும் தேடல் பெட்டியில் ‘புதுமையான தீர்வு’ என்று தட்டுவதில்லை. உலோகத்தின் பெயர், எடை, எந்த இயந்திரத்துக்கு, எந்த ஊர் என்றுதான் தேடுவார். அதையே வரியாக்கினால்: “பம்பு, வால்வு தயாரிப்பாளர்களுக்கு 2 முதல் 80 கிலோ வரை கிரே அயர்ன், எஸ்.ஜி. அயர்ன் வார்ப்படம், கோவை.” 150 கிலோ உருப்படி தேடுகிறவர் இதைப் பார்த்ததும் விலகிப் போவார். போகட்டும், அதனால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் எஸ்.ஜி. அயர்ன் என்று சொல்லும் அதே உலோகத்தை அமெரிக்க வாங்குநர் டக்டைல் அயர்ன் என்று தேடுவார். ஒரு பெயரை மட்டும் எழுதிவைத்தால் பாதிப் பேருக்கு நீங்கள் கண்ணில் படாமலே போகலாம். டேக்லைனில் இரண்டையும் திணிக்க வேண்டாம். வீட்டில் வழங்கும் பெயரை அங்கே வைத்துவிட்டு, மற்றதை அபவுட்டின் முதல் வாக்கியத்திலும், 20 சொற்றொடர் வரை சேர்க்க இடம் இருக்கும் ‘ஸ்பெஷாலிட்டீஸ்’ பகுதியிலும் போடலாம். தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கணினி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். ‘கோயம்புத்தூர்’ நமக்கு 7 எழுத்து, அதற்கு 13. ஆகவே 120 நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அபவுட் பகுதியில் முதல் இரண்டு வாக்கியங்கள் தேடி வருகிறவருக்கு உரியவை. கூகுள் முடிவுகளில் வெட்டப்பட்டுத் தெரியும் துண்டு சுமார் 150 எழுத்துதான். பக்கத்தின் முகப்பிலும் மீதி எழுத்து ஒரு ‘மேலும்’ பொத்தானுக்குப் பின்னால் மறைந்துவிடும். “1987-ல் எங்கள் நிறுவனர்...” என்று தொடங்கினால் அந்த இடம் முழுவதையும் வரலாறு எடுத்துக்கொள்ளும். வரலாறு கடைசிப் பத்திக்குப் போகலாம்.

பொத்தானை அழுத்தி மேலே படிக்கிறவர் பெரும்பாலும் வேறு ஆள். மெஷினிங் ஜாப் ஒர்க் செய்கிற பட்டறைக்காரர், பேட்டர்ன் செய்கிறவர், வெளிமாநில ஏஜென்ட் போன்றவர்கள். எங்கள் பொருள் நல்லது என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் அறிய விரும்புவது வேலை எங்கே பிரிகிறது என்பதை. எங்கள் ஃபவுண்டரிக்கு இப்படி ஒரு பத்தி போதும்: “உருக்குவதும் வார்ப்பதும் எங்களிடம். மெஷினிங்கை வெளியே தருகிறோம், சி.என்.சி. லேத் வைத்திருக்கும், அளவுச் சோதனை அறிக்கை தரக்கூடிய பட்டறைகளை 50 கிலோமீட்டருக்குள் தேடுகிறோம். பேட்டர்ன் வாடிக்கையாளருடையது. குறைந்த ஆர்டர் 200 உருப்படி. கூட்டு வேலைக்கு வளர்ச்சிப் பிரிவுக்கு எழுதுங்கள்.” வாங்க வந்தவரும் இதைப் படிப்பார் என்பதை மறக்கக் கூடாது. கமிஷன் விகிதம், கடன் தவணை போன்றவை இங்கே வரவே கூடாது. அவற்றைப் பார்த்த வாடிக்கையாளர் அதையே பேரத்துக்குப் பிடித்துக்கொள்வார்.

எழுதியது வேலை செய்கிறதா என்று பார்க்க, பக்கத்தை நிர்வகிப்பவருக்குத் தெரியும் வருகையாளர் கணக்கைத் திறந்து, ‘பணிப் பிரிவு’ வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொள்முதல், பொறியியல் ஆகிய பிரிவுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் டேக்லைன் சரியான ஆட்களை அழைக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் மனிதவளம், விற்பனைப் பிரிவு என்று காட்டினால் உங்கள் வரியைப் பெரும்பாலும் உங்களுக்கு எதையாவது விற்க வருவோர்தான் படிக்கிறார்கள். கூட்டாளிகளுக்கான பத்தியை இந்தக் கணக்கு காட்டாது. அதை வரும் கடிதங்களில் பார்க்கலாம்: எழுதுகிறவர் தன் லேத்தையும் தூரத்தையும் முதல் கடிதத்திலேயே சொல்கிறாரா, அல்லது “உங்களுடன் இணைந்து பணியாற்ற விரும்புகிறோம்” என்று மட்டும் எழுதுகிறாரா? இரண்டாவது வகை தொடர்ந்து வந்தால், பத்தியில் நிபந்தனை எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.