தலை வலித்ததா, வலிக்கிறதா?

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருத்தி, "எனக்குத் தலை வலிக்கிறது" என்று காப்பாளரிடம் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காப்பாளர் அதைக் குறிப்பேட்டில், "தனக்குத் தலை வலித்ததாக மாணவி சொன்னாள்" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரவு வரும் மருத்துவர் குறிப்பேட்டைப் படிக்கிறார். வலி எப்போதோ வந்து போய்விட்டது என்றுதான் அவருக்குப் புரியும். "வலிப்பதாகச் சொன்னாள்" என்று எழுதியிருந்தால், சொல்லும்போது வலி இருந்தது என்று தெரிந்திருக்கும். எழுத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. நோயாளிக்கு அது பெரியது.

ஒருவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே மேற்கோள் குறிக்குள் எழுதினால் நேர்க்கூற்று. அதையே எழுதுபவரின் வாக்கியத்துக்குள் கரைத்து எழுதினால் அயற்கூற்று. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பயிற்சியைப் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் எல்லோரும் செய்திருப்பார்கள். நாளை என்பது மறுநாள் ஆகும், இன்று என்பது அன்று ஆகும், இது என்பது அது ஆகும் என்று ஒரு பட்டியலையும் மனப்பாடம் செய்திருப்பார்கள். தேர்வோடு அந்தப் பட்டியல் மறந்துபோனாலும் வேலை முடிவதில்லை. செய்தி எழுதுபவர், கூட்டக் குறிப்பு எழுதுபவர், காவல் நிலையத்தில் வாக்குமூலம் பதிபவர் என்று பலருக்கும் அது அன்றாடத் தேவை.

அதிகம் தடுமாறும் இடம் காலம். இதற்கு ஒரு காரணம் ஆங்கிலம். ஆங்கில இலக்கணத்தில், சொன்னார் என்ற வினை இறந்த காலத்தில் இருந்தால், சொன்ன செய்தியின் வினையும் பொதுவாக ஒரு படி பின்னால் போகும். 'இஸ்' என்பது 'வாஸ்' ஆகும். 'வில்' என்பது 'வுட்' ஆகும். தமிழில் இந்தப் பின்னகர்வு கிடையாது. தமிழில் காலத்தை அளப்பது பேசியவர் நின்ற நொடியிலிருந்து. அவர் பேசும்போது நடந்து முடிந்ததற்கு 'வலித்ததாக', 'வந்ததாக' என்று எழுத வேண்டும். பேசும்போது நடந்துகொண்டிருந்ததற்கும் இனி நடக்க இருந்ததற்கும் 'வலிப்பதாக', 'வருவதாக' என்று எழுத வேண்டும். அவர் பேசியது நேற்றா, நூறு ஆண்டுக்கு முன்பா என்பது இந்த வினையைத் தொடாது. அந்தப் பொறுப்பை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் 'சொன்னார்' ஏற்றுக்கொள்கிறது.

ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது இந்த வேறுபாடு காலை வாருகிறது. ஒரு தலைவர், தமக்கு உடல்நலம் சரியில்லை என்று நேற்றுச் சொன்னார். ஆங்கிலச் செய்தியில் அது 'வாஸ்' போட்டு வரும். மொழிபெயர்ப்பவர் அந்த 'வாஸ்' என்பதைக் கண்டு, "தமக்கு உடல்நலம் சரியில்லாமல் இருந்ததாக அவர் கூறினார்" என்று எழுதுவார். படிப்பவர், தலைவர் குணமாகிவிட்டார் என்று எண்ணிக்கொள்வார். "சரியில்லாமல் இருப்பதாகக் கூறினார்" என்பதே அவர் சொன்னது. ஆங்கில வினையைப் பார்த்துக் காலத்தைத் தீர்மானிக்காமல், அவர் வாயிலிருந்து எந்த வாக்கியம் வந்திருக்கும் என்று முதலில் மனத்துக்குள் நேர்க்கூற்றாக்கிப் பார்த்தால் இந்தப் பிழை வராது.

தமிழ் வழிக்கும் ஒரு குறை உண்டு. "படிக்கிறேன்" என்றாலும் "படிப்பேன்" என்றாலும் இரண்டும் "படிப்பதாக" என்ற ஒரே வடிவத்தில் வந்து விழும். "மகன் மருத்துவம் படிப்பதாகச் சொன்னார்" என்றால், பையன் இப்போது கல்லூரியில் இருக்கிறானா, இனிமேல்தான் சேரப்போகிறானா? வாக்கியம் பதில் சொல்லாது. நடப்பதைக் காட்ட 'படித்துக்கொண்டிருப்பதாக' என்றும், வரப்போவதைக் காட்ட 'படிக்கப்போவதாக' என்றும் பிரித்து எழுத வேண்டும். எதிர்மறையிலும் 'ஆக' எளிதில் ஒட்டாது. "வரமாட்டேன்" என்பதற்கு "வரப்போவதில்லை என்று சொன்னான்" என்று 'என்று' போட்டு எழுதுவதே இயல்பு.

'என்று' பழைய சொல். தொல்காப்பியத்தின் இடையியல் 'என' என்பதற்கு ஆறு பயன்களைச் சொல்லி, 'என்று' என்பதும் அதைப் போன்றதே என்கிறது. மேற்கோள் குறியோ ஐரோப்பிய அச்சு முறையோடு வந்தது. குறி இல்லாத நூற்றாண்டுகளில், பேச்சு எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் வேலையை இந்தச் சிறு சொற்களே செய்தன. பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதை அவை காட்டுவதில்லை. சிக்கல் அங்கேதான் முளைக்கிறது.

"அண்ணன் நான் பணம் தருவேன் என்று சொன்னார்." மேற்கோள் குறி இல்லாமல் இதைப் படியுங்கள். பணம் தரப்போவது அண்ணனா, இதை எழுதியவரா? பேசும்போது குரல் ஏற்றத்தாழ்வு காப்பாற்றிவிடும். கடிதத்திலோ வாக்குமூலத்திலோ காப்பாற்ற யாரும் இல்லை. அண்ணன்தான் தருபவர் என்றால், "தான் பணம் தருவதாக அண்ணன் சொன்னார்". எழுதியவர் தருவார் என்று அண்ணன் சொல்லியிருந்தால், "நான் பணம் தருவதாக அண்ணன் சொன்னார்". 'தருவதாக' என்ற வடிவத்தில் 'ஏன்', 'ஆன்' போன்ற விகுதி கிடையாது என்பதும் வசதி. "தான் தருவேன் என்றார்" என்று பலரும் பேசுவதுண்டு. எழுத்தில் 'தருவதாக' போட்டால், 'தருவேனா', 'தருவாரா' என்ற தடுமாற்றமே எழாது.

'தான்' என்ற சொல் அயற்கூற்றுக்கு வாய்த்த செல்வம். அக்கா தங்கையிடம் மோதிரம் தொலைந்ததைப் பற்றிப் பேசுகிறாள். "தன் மோதிரம் தொலைந்துவிட்டதாக அக்கா தங்கையிடம் சொன்னாள்" என்றால் அக்காவின் மோதிரம். "அவள் மோதிரம்" என்றால் தங்கையுடையது, அல்லது வேறொருத்தியுடையது. ஆங்கிலத்தில் 'ஹெர்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்கும். பேசியவர் தம்மைச் சுட்டினால் தான், தன். மரியாதைக்குரிய ஒருவர் என்றால் தாம், தம். பலர் என்றால் தாங்கள், தங்கள். இதற்கும் எல்லை உண்டு. "தான் கையெழுத்துப் போடவில்லை என்று அப்பா சொன்னதாகத் தம்பி சொன்னான்" என்று பேச்சுக்குள் பேச்சு வந்தால், 'தான்' யாரைச் சுட்டுகிறது என்பது மங்கிவிடும். அப்போது பெயரையே எழுதிவிடுவதுதான் சரி.

நாள் சொற்களுக்குப் பட்டியல் மட்டும் போதாது. ஒரு முழு உதாரணத்தைப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை மாலை, குடிநீர் வாரியப் பொறியாளர் ஒருவர் ஒரு தெருவுக்கு வந்து கூடியிருப்பவர்களிடம் சொல்கிறார்: "நேற்று இங்கே குழாய் உடைந்துவிட்டது. இன்று இரவுக்குள் நாங்கள் சரிசெய்துவிடுவோம். நாளை காலை உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும். நீங்கள் காய்ச்சிக் குடியுங்கள்."

பள்ளி விடைத்தாளில் இது இப்படி வரும்: முந்தைய நாள் அங்கே குழாய் உடைந்துவிட்டதாகவும், அன்று இரவுக்குள் தாங்கள் சரிசெய்துவிடுவதாகவும், மறுநாள் காலை அவர்களுடைய தெருவுக்குத் தண்ணீர் வரும் என்றும், அதைக் காய்ச்சிக் குடிக்கும்படியும் பொறியாளர் சொன்னார். எல்லாம் சரி. 'உடைந்துவிட்டது' இறந்த காலமாகவே நிற்கிறது. 'நாங்கள்' என்பது 'தாங்கள்' ஆனது. 'உங்கள்' என்பது 'அவர்களுடைய' ஆனது. 'குடியுங்கள்' என்ற ஏவல் 'குடிக்கும்படி' ஆனது.

அதே செவ்வாய் மாலை, அந்தத் தெருவில் நிற்கும் கணவர் வேலையிலிருக்கும் மனைவிக்குப் போன் செய்கிறார். "நேத்து இங்க குழாய் உடைஞ்சிடுச்சாம்மா. இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரி பண்ணிடுவாங்களாம். நாளைக்குக் காலைல நம்ம தெருவுக்குத் தண்ணி வருமாம். காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்." இதுவும் அயற்கூற்றுதான். ஆனால் நேற்று, இன்று, நாளை, இங்கே எதுவும் மாறவில்லை. பேசியவரும் எடுத்துச் சொல்பவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நிற்பதால் மாற்றத் தேவையில்லை. மாறியது ஆட்கள் மட்டும்: 'செய்துவிடுவோம்' என்பது 'பண்ணிடுவாங்க' ஆனது, 'உங்கள்' என்பது 'நம்ம' ஆனது. வினையோடு ஒட்டிய 'ஆம்', இது நான் கண்டதல்ல, கேட்டது என்று முதல் மூன்று வாக்கியங்களிலும் சொல்லிவிடுகிறது.

புதன்கிழமை காலை நாளிதழில் வரும் செய்தியில் பட்டியலை அப்படியே பயன்படுத்தினால் குழப்பம்தான். 'மறுநாள் காலை' என்று படிப்பவர், புதனா வியாழனா என்று திகைப்பார். 'நாளை' என்று விட்டுவிட்டால் வியாழன் வரை குடத்தோடு காத்திருப்பார். அதனால்தான் நாளிதழ்கள் கிழமையைப் பெயர் சொல்லி எழுதுகின்றன: திங்கட்கிழமை குழாய் உடைந்ததாகவும், புதன்கிழமை காலை தண்ணீர் வரும் என்றும் பொறியாளர் தெரிவித்தார். சொன்னவர் எந்த நாளில் நின்றார், படிப்பவர் எந்த நாளில் நிற்கிறார் என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் நாள் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு இடத்தில் எழுதுபவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "அதிகாரி லஞ்சம் வாங்கியதாக அவர் சொன்னார்" என்பதும் "அதிகாரி லஞ்சம் வாங்கியதை அவர் சொன்னார்" என்பதும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தில் அது அவர் கூற்று. உண்மையா பொய்யா என்று எழுதுபவர் சொல்லவில்லை. இரண்டாவதில், லஞ்சம் வாங்கியது நடந்த உண்மை என்று எழுதுபவரே ஏற்றுக்கொண்டுவிடுகிறார். 'ஆக' இருந்த இடத்தில் 'ஐ' வந்தவுடன் ஒருவர் மேல் குற்றம் உறுதியாகிவிடுகிறது. 'சொன்னார்' என்பதற்குப் பதில் 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதுவதும் இதே வேலையைச் செய்யும். மறுத்தவரை ஒப்புக்கொண்டவராக மாற்ற ஒரு சொல் போதும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அயற்கூற்றாக எழுதியதை மீண்டும் நேர்க்கூற்றாக்கிப் பாருங்கள். "தலை வலித்ததாகச் சொன்னாள்" என்பதைத் திருப்பினால் "தலை வலித்தது" என்று வருகிறது. மாணவி சொன்னது அதுவல்ல என்று உடனே தெரிந்துவிடும். அவர் சொன்ன அதே சொற்கள் முக்கியமாகப்படும் இடத்தில், அதாவது மிரட்டல், வாக்குறுதி, மன்னிப்பு, குற்றச்சாட்டு ஆகியவற்றில், மாற்றவே வேண்டாம். மேற்கோள் குறியைப் போட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள்.